கழித்த 2 மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுங்கள்: வரலாற்று விடைத்தாள் மதிப்பீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பீட்டுக் குழுவினருக்கு,

எங்கள் வட்டாரப் பள்ளிகள் சேர்ந்து நடத்திய அரையாண்டுத் தேர்வின் பதினோராம் வகுப்பு வரலாற்றுத் தாள்களைத் திருத்துவதற்காக நீங்கள் கொடுத்த குறிப்பில் ஒரு வரி இருந்தது. கடந்தகாலச் சமூகத்தை இன்றைய மதிப்பீடுகளை வைத்துக் குறைகூறும் விடைகளைக் காலமுரண் என்று கொண்டு 2 மதிப்பெண் கழிக்க வேண்டும் என்பது அந்த வரி. அதை நான் எதிர்த்துப் பேசவில்லை. முதல் இரண்டு நாளும் சொன்னபடி கழித்தேன், சிவப்பு மையால் ஓரத்தில் "கா.மு. –2" என்று எழுதினேன். மூன்றாம் நாள் காலையில் ஒரே கேள்விக்கான மூன்று தாள்கள் அடுத்தடுத்து வந்தன, அதற்கு மேல் என் கை ஓடவில்லை. முகாமிலேயே தலைமைத் திருத்துநரிடம் சொன்னேன். "குறிப்பில் இருப்பதைச் செய்யுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்" என்றார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை, அதனால் எல்லோர் முன்னும் எழுதுகிறேன்.

கேள்வி இது: "உத்திரமேரூர்க் கல்வெட்டின் துணையோடு குடவோலை முறையை மதிப்பிடுக." 10 மதிப்பெண்.

தாள்களுக்குப் போகும் முன் கல்வெட்டு என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் புகார் முழுவதும் அதில்தான் நிற்கிறது. முதலாம் பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919இலும் 921இலும், உத்திரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபை, அரசனின் ஆணைப்படி, அவனுடைய அதிகாரி உடனிருக்க இரண்டு தீர்மானங்கள் செய்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் கட்டிக் குடத்தில் போட்டார்கள். கூடியிருந்த சபையின் நடுவே பூசை செய்யும் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினார், விவரம் எதுவும் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்தான், அதை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி உரக்க வாசித்தான். இப்படித்தான் ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் ஆண்டு வாரியத்துக்கும் ஆள் வந்தது. பதவி 360 நாள்.

தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். பிற்காலக் கணக்கில் ஒரு வேலி ஏறத்தாழ ஆறரை ஏக்கர் என்றால் இது ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். நிலம் அரைக்கால் வேலிதான் என்றால் அதை ஈடுகட்ட ஒரு வேதமும் பாடியம் என்னும் உரைநூல் ஒன்றும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவது தீர்மானத்தின்படி வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். கடந்த மூன்று ஆண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் வர முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வர முடியாது, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது. இந்த உறவினர் பட்டியல் வெகு நீளமானது, வகுப்பில் வாசித்தால் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள்.

இப்போது அந்த மூன்று தாள்கள்.

முதல் தாளை எழுதிய மாணவன், சோழ மன்னர்கள் பெண்களுக்கு ஓட்டுரிமை தராமல் ஏமாற்றினார்கள், இது அரசியலமைப்புக்கு எதிரானது, ஏழைகளை அடிமைப்படுத்துவதற்காகவே இந்த முறையைக் கொண்டுவந்தார்கள் என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். கோபமான, நேர்மையான விடை. ஆனால் நிலத்தகுதி பற்றிய ஒரு வரியைத் தவிர கல்வெட்டிலிருந்து எதுவும் இல்லை. பாடப்பகுதி தெரிந்ததற்காக 4 கொடுத்தேன், குறிப்பின்படி 2 கழித்து 2 ஆக்கினேன்.

இரண்டாவது தாள், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒவ்வொரு குடிமகனும் இன்று நாம் வாக்களிப்பதைப் போலவே ஓலையில் வாக்களித்தான், உலகத்துக்கே மக்களாட்சியைக் கற்றுக் கொடுத்தது தமிழன்தான், இன்றைய தேர்தல் ஆணையம் செய்வதை அன்றே சோழர் செய்தனர் என்று போனது. கையெழுத்து அழகு, உட்தலைப்புகள், அடிக்கோடு. குறிப்பில் கொடுத்திருந்த "சிறப்புகள்" ஐந்தும் இருந்தன. 9 கிடைத்தது. எதுவும் கழிக்கவில்லை, கழிக்கக் குறிப்பில் இடமும் இல்லை.

மூன்றாவது தாளை எழுதியவள் என் பள்ளி மாணவிதான் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் எழுதியது, சுருக்கமாக: கால் வேலி நிலம் இல்லாதவர் பெயரும் வேதம் படிக்காதவர் பெயரும் ஓலையில் எழுதப்படவே இல்லை. பெண்கள் பற்றித் தகுதிப் பகுதியில் பேச்சே இல்லை. ஆகவே இது ஊரில் இருந்த எல்லோருக்குமான முறை அல்ல, சதுர்வேதிமங்கலத்தின் நிலமுள்ள பிராமணர்களுக்குள் பொறுப்பைச் சுற்றிவிடும் முறை. ஆனால் அந்த வட்டத்துக்குள் கணக்குக் காட்டாதவரை மட்டும் இல்லாமல் உறவினரையும் விலக்கியதால் ஒரே குடும்பம் வாரியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாதபடி ஆக்கியிருக்கிறார்கள். கடைசி வரி: "இன்று ஓர் ஊராட்சி இப்படி இருந்தால் நாம் ஏற்க மாட்டோம்." நான் 9 போட்டிருந்தேன். அந்தக் கடைசி வரிக்காக மறுபார்வையில் 2 கழித்து 7 ஆக்கினார்கள்.

இந்த மூன்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காலமுரண் எங்கே அதிகம் இருக்கிறது? இரண்டாவது தாளில்தான். குடவோலையில் யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. தகுதி உள்ள எல்லோர் பெயரும் எழுதப்பட்டது, சிறுவன் ஒன்றை எடுத்தான், அவ்வளவுதான். அது குலுக்கல். வாக்குச்சீட்டு என்ற இன்றைய பொருளை அந்த ஓலைக்குள் போட்டதால், அந்த முறை எப்படி இயங்கியது என்பதே அந்த மாணவருக்குத் தெரியாமல் போய்விட்டது. ஏன் விவரம் அறியாத சிறுவன் வேண்டும், ஏன் குடத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும், ஏன் விரலை விரித்து வாங்க வேண்டும் என்ற கேள்விகள் எல்லாம் குலுக்கல் என்று புரிந்தால்தான் வரும். ஓலையை யாரும் கையில் மறைத்து மாற்றிவிடக் கூடாது என்று பயந்திருக்கிறார்கள். இந்த முழு ஏற்பாடும் "வாக்களித்தான்" என்ற ஒரு சொல்லில் அழிந்துபோகிறது. அதற்கு 9!

உங்கள் வரியில் "குறைகூறும்" என்ற சொல் இருக்கிறது. பாராட்டும் விடைகளைப் பற்றி ஒன்றும் இல்லை. இன்றைய அளவுகோலை எடுத்துப் போய் அன்றைக்கு மாலை போட்டால் மதிப்பெண், அதே அளவுகோலை எடுத்துப் போய்க் கேள்வி கேட்டால் கழிவு. நீங்கள் இதை நினைத்து எழுதியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நம்புகிறேன். ஆனால் தாளில் நடந்தது இதுதான்.

காலமுரண் ஒரு பிழையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. முதல் தாள் மோசமான வரலாறு. அன்று யாருக்கும் ஓட்டுரிமை என்ற ஒன்று இல்லை, இல்லாத ஒன்றைப் பெண்களிடமிருந்து பறிக்க முடியாது. தீர்மானம் செய்தது சபை, அதை மன்னரின் சதி என்று எழுதியது தவறு. ஏழைகளை அடிமைப்படுத்தும் நோக்கம் கல்வெட்டில் எங்கும் இல்லை, அது மாணவன் தானாக நட்டுவைத்த நோக்கம். இதெல்லாம் சரி. ஆனால் அதற்காக அவன் ஏற்கெனவே இழந்துவிட்டான் என்பதைக் கவனியுங்கள். சான்றுக்கு 3 மதிப்பெண் வைத்திருந்தோம், அவன் வாங்கியது 1. விளக்கத்துக்கு 5, அவன் வாங்கியது 2. அமைப்புக்கு இருந்த 2இல் 1. மொத்தம் 4. இன்றைய கண்ணால் பார்த்ததால் அன்றைய ஊரைப் பார்க்கத் தவறினான், அந்தத் தவறுக்கான விலை அந்த 4க்குள்ளேயே இருக்கிறது. அப்புறம் தனியாக 2 கழிப்பது ஒரே தவறுக்கு இரண்டு தடவை அடிப்பது. காலமுரண் விடையைக் கெடுத்திருந்தால் அந்தக் கேடு விளக்கத்திலும் சான்றிலும் தெரிந்துவிடும். அங்கே தெரியவில்லை என்றால் அது விடையைக் கெடுக்கவில்லை. தனிக் கழிவு இரண்டு நிலையிலும் தேவைப்படாது.

மூன்றாவது தாள் அந்த இரண்டாம் நிலை. கடைசி வரியை விரலால் மறைத்துக்கொண்டு படியுங்கள். விடையில் ஒரு செங்கல் கூட அசையாது. அவள் அன்றைய விதியை அன்றைய சொற்களில் சொல்லிவிட்டாள், அது யாருக்குள் இயங்கியது என்று சொல்லிவிட்டாள், பிறகு "இன்று" என்று தெளிவாக ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு வரி சொல்கிறாள். காலத்தைக் குழப்பியவர்கள் இப்படி எழுத மாட்டார்கள், இரண்டு காலத்தையும் பிரித்து வைத்திருப்பவர்கள்தான் எழுதுவார்கள். கேள்வியிலும் "மதிப்பிடுக" என்றுதான் கேட்டிருந்தோம். மதிப்பிடு என்று கேட்டுவிட்டு மதிப்பிட்டதற்குக் கழிப்பது என்ன நியாயம்?

தமிழாசிரியர் ஒருவர் எங்கள் ஓய்வறையில் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: இலக்கணத்தில் கூட கால வழு என்று ஒன்று இருக்கிறது, கூடவே கால வழுவமைதி என்றும் ஒன்று இருக்கிறது. சாப்பிட்டுக்கொண்டே இருப்பவனை வாசலில் யாராவது கூப்பிட்டால் "இதோ வந்துட்டேன்" என்கிறான், அதைப் பிழை என்று யாரும் திருத்துவதில்லை, அவசரம் என்ற காரணம் இருக்கிறது என்று அமைத்துக்கொள்கிறோம். காலம் மாறி வந்ததா என்று மட்டும் பார்க்காமல் எதற்காக மாறி வந்தது என்று பார்க்கிறோம். வரலாற்று ஆசிரியர்கள் நாம் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமலேயே சிவப்பு மையை எடுத்துவிட்டோம்.

இன்னொரு தாளையும் சொல்ல வேண்டும், அது வேறு விதமாக என்னைத் தடுமாற வைத்தது. சங்ககாலப் பெண்களின் நிலை பற்றிய 5 மதிப்பெண் கேள்வி. புறநானூற்றின் 246ஆம் பாட்டு, பூதப்பாண்டியன் இறந்தபின் அவன் மனைவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும்போது சொன்னதாக உள்ளது, கேள்வித்தாளிலேயே உரையோடு கொடுக்கப்பட்டிருந்தது. ஒரு மாணவர், "கணவன் இறந்தால் மனைவி தீயில் இறங்குவதை அக்காலத்தில் எல்லோரும் சரி என்று ஏற்றுக்கொண்டார்கள், அதை நாம் இன்று குறைசொல்லக் கூடாது" என்று எழுதியிருந்தார். விடைக்குறிப்பில் இது "வரலாற்று நோக்கு உள்ள விடை" என்ற வகையில் வந்தது, முழு மதிப்பெண். இன்னொரு மாணவர், "பெண்களைக் கட்டாயப்படுத்தித் தீயில் தள்ளினார்கள், இது கொடுமை" என்று எழுதியிருந்தார். கழிவு.

பாட்டைப் படித்தால் இரண்டு பேருமே தவறு. அவள் பேசுவது யாரிடம்? தன்னைப் போ என்று சொல்லாமல், வேண்டாம் என்று தடுக்கும் சான்றோர்களிடம். பல சான்றோரே, பல சான்றோரே என்று கூப்பிட்டு, உங்கள் தடுப்பு பொல்லாத சூழ்ச்சி என்கிறாள். அதாவது அவளைச் சுற்றி நின்ற பெரியவர்களே தடுத்திருக்கிறார்கள். "எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்" என்பதற்குச் சான்று எங்கே? தள்ளினார்கள் என்பதற்கும் இந்தப் பாட்டில் சான்று இல்லை, அவளே போகிறேன் என்கிறாள். ஆனால் ஏன் போகிறேன் என்பதற்கு அவள் சொல்லும் காரணத்தைப் பாருங்கள். நெய் தொடாத பிழிந்த சோற்றுப் பிடி, எள் துவையல், புளி விட்டு வேகவைத்த வேளைக்கீரை, பாய் இல்லாமல் பரல் கல் மேல் படுக்கை, அப்படி வருந்திக் கிடக்கும் கைம்பெண்ணாக நான் இருக்கப் போவதில்லை என்கிறாள். எனக்கு தாமரைக் குளமும் தீயும் ஒன்றுதான் என்கிறாள். கைம்மை நோன்பு எவ்வளவு கடுமையாக இருந்தது என்று நாம் இன்றைய மதிப்பீட்டை வைத்துச் சொல்லத் தேவையே இல்லை. அதைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருத்தியே உணவுப் பட்டியலோடு சொல்லிவிட்டாள்.

ஆக "அந்தக் காலத்தில் அப்படித்தான்" என்று எழுதியவருக்குக் காலமுரண் இல்லை என்று நாம் முழு மதிப்பெண் கொடுத்தோம், ஆனால் அவர் செய்ததும் காலத்தைப் பற்றிய பிழைதான். கடந்தகாலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி நினைத்தார்கள் என்று அவர் கற்பனை செய்கிறார். எந்தக் காலத்திலும் அப்படி இருந்ததில்லை. 1829இல் பெண்டிங் பிரபு உடன்கட்டையைத் தடைசெய்தபோது உடன்கட்டைக்கு எதிராகப் போராடியவர்களில் ராம்மோகன் ராய் இருந்தார், அந்தத் தடையை எதிர்த்து லண்டனில் பிரிவி கவுன்சில் வரை முறையிட்டவர்களும் வங்காளத்தில்தான் இருந்தார்கள். 1832இல் அந்த முறையீடு தள்ளுபடியானது. ஒரே ஊர், ஒரே காலம், இரண்டு கட்சி. ஒரு மாணவர் உடன்கட்டை கொடுமை என்று எழுதினால் அவர் இன்றைய மதிப்பீட்டைத் திணிக்கிறாரா, இல்லை 1829இல் இருந்த ஒரு கட்சியின் வாதத்தைச் சொல்கிறாரா? அது அவர் அடுத்த வரியில் யாரை, எந்தச் சான்றைக் காட்டுகிறார் என்பதைப் பொறுத்தது. "கொடுமை" என்ற சொல்லை மட்டும் பார்த்துக் கழித்தால் அந்த அடுத்த வரியை நாம் படிப்பதே இல்லை. முகாமில் நடந்தது அதுதான், நாளுக்கு இத்தனை தாள் என்று கணக்கு வைத்துத் திருத்தும்போது கண் அந்தச் சொல்லைத்தான் தேடும். நானும் தேடினேன்.

உங்கள் பக்கத்துக் காரணம் எனக்குத் தெரியும், முன்கூட்டத்தில் நீங்களே சொன்னீர்கள். பிள்ளைகள் வரலாறு எழுதச் சொன்னால் தீர்ப்பு எழுதுகிறார்கள், அசோகர் முதல் ஔரங்கசீப் வரை எல்லோரையும் கூண்டில் ஏற்றிவிட்டு பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள், ஏன் நடந்தது என்று கேட்டால் கெட்டவர்கள் அதனால் நடந்தது என்கிறார்கள் என்றீர்கள். உண்மை. என் வகுப்பிலும் அதே கதைதான். இதைச் சரிசெய்ய வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் வேறுபாடு இல்லை. ஆனால் கழிவு அதைச் சரிசெய்யவில்லை. தீர்ப்பு எழுதுவதை நிறுத்தினால் விளக்கம் தானாக வந்துவிடாது. தீர்ப்பு இருந்த இடத்தில் புகழ்ச்சி வந்து உட்கார்ந்துகொள்ளும், அதுதான் பாதுகாப்பு என்று பிள்ளைகளுக்கு ஒரே தேர்வில் தெரிந்துவிடும்.

தெரிந்துவிட்டது. தாள் திருப்பிக் கொடுத்த அன்று அந்த மாணவி வந்து நின்றாள். அழவில்லை, வாதாடவும் இல்லை. "மிஸ், இனிமே நிலத் தகுதி எல்லாம் எழுத மாட்டேன் மிஸ், சிறப்பு அஞ்சு பாயிண்ட் மட்டும் எழுதிடறேன்" என்றாள். கழித்தது கடைசி வரிக்காக மட்டும்தான் என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. எதைத் தொட்டால் சுடும் என்று மட்டும் தெரிந்துகொண்டாள்.

போன மாதம் வரை அதே பெண் வகுப்பில் கேட்ட கேள்வி வேறு. "மிஸ், எங்க வீட்டுக்கு நிலம் கிடையாது. அந்த ஊர்ல நாங்க இருந்திருந்தா எங்க இருந்திருப்போம்?" இது இன்றைய மதிப்பீடா? அவள் எங்கிருந்து கேட்கிறாளோ அந்த இடம் இன்றையது, கேள்வி முழுக்க வரலாற்றுக் கேள்வி. அதற்குப் பதிலும் கல்வெட்டிலேயே கிடைக்கிறது. முதலாம் ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர் ஊராக வரி இல்லாத நிலங்களைக் கழித்துக் கணக்குச் சொல்லும்போது, ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்பவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி என்றும் வருகிறது. சில இடத்தில் தீண்டாச்சேரி என்றே இருக்கிறது. அதை நாங்கள் அன்று கரும்பலகையில் எழுதிப் பார்த்தோம். உத்திரமேரூர் பிராமணருக்குத் தானமாகக் கொடுத்த பிரமதேயம், மற்ற ஊர்களில் சபைக்குப் பதிலாக ஊர் என்ற அவை இருந்தது, வணிகர் இடங்களில் நகரம் இருந்தது, ஆகவே உத்திரமேரூர் விதியை எல்லா ஊருக்கும் நீட்ட முடியாது என்பதையும் பேசினோம். அந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகள் கற்றுக்கொண்டது ஐந்து "சிறப்புகளில்" இல்லை. தன் வீட்டை நினைத்துக் கேட்ட கேள்விதான் அவர்களை அங்கே கொண்டுபோனது. அந்தக் கேள்வியை நாம் 2 மதிப்பெண் கொண்டு அடைக்கிறோம்.

திருத்தும்போது எப்படித்தான் பிரிப்பது என்று கேட்பீர்கள். மூன்றாம் நாளிலிருந்து நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன், நேரம் அதிகம் பிடிக்கவில்லை. முதலில், தீர்ப்புச் சொல்லும் வரியை மறைத்துவிட்டு மீதியைப் படித்தேன். மீதி நின்றால் அந்த வரி பிழை இல்லை, மீதி ஒன்றுமே இல்லை என்றால் மதிப்பெண் தானாகக் குறைந்திருக்கும். அடுத்து, ஜனநாயகம், ஓட்டு, ஊழல், உரிமை போன்ற இன்றைய சொல் வந்தால் அது என்ன வேலை செய்கிறது என்று பார்த்தேன். கணக்குக் காட்டாதவரை விலக்கியதை ஒரு மாணவர் "ஊழல் தடுப்பு" என்று எழுதினால் நமக்குப் புரிவதற்காகச் சொல்கிறார், விதியும் சரியாக இருக்கிறது, விட்டுவிடலாம். "வாக்களித்தான்" என்று எழுதினால் நடக்காத ஒன்றை நடந்ததாக்குகிறார், அது தகவல் பிழை, சான்றுக்கான மதிப்பெண்ணில் குறையும். பாராட்டாக இருந்தாலும் குறையும். மூன்றாவதாக, அன்றைய ஆட்களின் நோக்கத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதற்குச் சான்று காட்டியிருக்கிறாரா என்று பார்த்தேன். இப்படிப் பார்த்தால் அந்த மூன்று தாள்களுக்கும் 4, 5, 9 வருகிறது. நம் முகாமில் வந்தது 2, 9, 7.

எல்லாத் தாளிலும் இவ்வளவு தெளிவாக வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பும் விளக்கமும் ஒரே வாக்கியத்தில் பின்னிக் கிடக்கும் விடைகள் நிறைய. "பேராசை பிடித்த நிலவுடைமையாளர்கள் நிலத் தகுதியை வைத்தார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பேராசை அவருடைய தீர்ப்பு, நிலமுள்ளவர்கள் தங்களுக்கேற்ப விதி வைத்தார்கள் என்பது விவாதிக்கத் தக்க விளக்கம். அங்கே இரண்டு திருத்துநர்கள் ஒரு மதிப்பெண் முன்பின் போடுவார்கள். பரவாயில்லை. அந்த ஒரு மதிப்பெண் ஊசலாட்டம், எல்லோருக்கும் ஒரே மாதிரி 2 கழித்து ஒரே மாதிரி தவறு செய்வதைவிட நல்லது.

நான் கேட்பது இவை.

அந்த வரியை மதிப்பீட்டுக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். காலமுரணுக்கென்று தனிக் கழிவு வேண்டாம், அதனால் விளக்கமோ சான்றோ கெட்டிருந்தால் அந்தந்தப் பிரிவிலேயே குறையட்டும். குறைகூறும் விடைக்கும் புகழும் விடைக்கும் ஒரே அளவு என்று குறிப்பில் எழுத்தில் சேருங்கள், குடவோலைக்கான விடைக்குறிப்பில் "வாக்களித்தல்" என்று இருப்பதைக் குலுக்கல் என்று திருத்துங்கள், யார் யாருக்குத் தகுதி இல்லை என்பதையும் எதிர்பார்க்கும் விடையில் ஒரு பகுதியாக வையுங்கள். அக்காலத்திலேயே இருந்த மாற்றுக் குரலைச் சான்றோடு காட்டும் மாணவருக்கு மதிப்பெண் உண்டு என்று சொல்லுங்கள். தீர்ப்பு வேண்டாம் என்றால் கேள்வியில் "மதிப்பிடுக" என்று கேட்காதீர்கள், "எவ்வாறு இயங்கியது, ஏன் அப்படி அமைந்தது என விளக்குக" என்று கேளுங்கள்.

இந்த அரையாண்டில் "கா.மு. –2" என்று குறித்த எல்லாத் தாள்களையும் மறுபடி பார்க்க ஒரு நாள் ஒதுக்குங்கள். நான் குறித்தவை எந்தக் கட்டில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியும், அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலும் வருகிறேன், இன்னும் நான்கு ஆசிரியர்கள் வரத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள். திருத்திய மதிப்பெண்ணோடு ஓரத்தில் ஒரு வரி காரணமும் எழுதித் தாள் மாணவர் கைக்குத் திரும்பப் போக வேண்டும். பிப்ரவரியில் அடுத்த மாதிரித் தேர்வு இருக்கிறது. அதற்குப் படிக்க உட்காரும் முன் அந்தப் பெண்ணின் தாளில் 7 அடிக்கப்பட்டு 9 இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
முகாமில் உங்களோடு திருத்திய ஒரு வரலாற்று ஆசிரியை